‘உண்மையைச் சொல்லு, இதை நீதான் எழுதினியா?’

பதினோராம் வகுப்பு ஆங்கில ஆசிரியரின் மேசையில் ஒரு கட்டுக் கட்டுரைகள். ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். ஒன்று மட்டும் உறுத்துகிறது. பிழையே இல்லை, நான்கு பத்தியும் அளந்து வைத்தாற்போல் இருக்கின்றன, வகுப்பில் வாய் திறக்காத மாணவி எழுதியது. ஆசிரியர் அதை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏஐ டிடெக்டர் ஒன்றில் போடுகிறார். சிவப்பு எழுத்தில் 87% என்று வருகிறது.

அடுத்து என்ன செய்வது? அவர் பி.எட். படித்த காலத்தில் இப்படி ஒரு சிக்கலே கிடையாது. மாணவியைக் கூப்பிட்டு அதட்டலாம், மதிப்பெண்ணைக் குறைக்கலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். பல பள்ளிகளில் இந்த மூன்றில் எது நடக்கும் என்பது அந்த ஆசிரியரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அப்படி இருக்கக் கூடாது என்றால் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார வேண்டும். அதற்கு ஒரு மதியம் போதும். ஒன்றரை மணிக்கு ஆரம்பித்து நாலரைக்கு முடித்துவிடலாம். அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்வது என்பதற்கான திட்டம்தான் இது. மேலே சொன்ன மாணவியின் கதை பயிற்சிக்காகக் கட்டியது. கடைசிவரை அவள் நம்மோடு வருவாள்.

பழைய ஆண்டு மலரிலிருந்து ஆரம்பம்

விரிவுரை வேண்டாம். முதல் நாற்பது நிமிடமும் கருவியைச் சோதிப்பதற்கே. ஆசிரியர்கள் பள்ளியின் பழைய ஆண்டு மலர்களை எடுத்துவர வேண்டும். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30-ம் தேதி. ஆகவே 2018-லோ 2015-லோ அச்சான மலரில் இருக்கும் கட்டுரையை எந்தச் சாட்பாட்டும் எழுதியிருக்க முடியாது. கைடைப் பார்த்துக் காப்பி அடித்திருக்கலாம். அது வேறு வழக்கு.

அதிலிருந்து முந்நூறு வார்த்தைக்குக் குறையாத ஆங்கிலக் கட்டுரைகள் ஆறு. சிறிய துண்டுகளில் இந்தக் கருவிகள் இன்னும் தடுமாறும். டர்னிட்டின் நிறுவனத்தின் கருவியே முந்நூறு வார்த்தைக்குக் கீழே இருந்தால் மதிப்பீடு தருவதில்லை. ஆறையும் பெயரில்லாமல் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். அவற்றோடு, சாட்பாட் எழுதிய கட்டுரை ஒன்று. அதே கட்டுரையை ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் தன் கையால் திருத்தியது இன்னொன்று. ஆக மொத்தம் எட்டு. எது எது என்று நடத்துநருக்கு மட்டும் தெரியும்.

முதலில் ஆசிரியர்கள் கை தூக்கட்டும்: எது மனிதர் எழுதியது, எது இயந்திரம் எழுதியது? எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எட்டையும் இரண்டு வெவ்வேறு கருவிகளில் போட்டுப் பாருங்கள். ஒரே கட்டுரைக்கு இரண்டு கருவியும் ஒரே எண்ணைத் தருகின்றனவா? இரண்டு வாக்கியங்களை மாற்றினால் எண் எவ்வளவு நகர்கிறது? கையால் திருத்திய கட்டுரை பிடிபட்டதா? எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள்.

இங்கே நடத்துநர் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். பழைய ஆறு கட்டுரைகளையும் கருவி மனிதர் எழுதியது என்று சரியாகவே சொல்லிவிடலாம். உடனே, ‘பாத்தீங்களா, நல்லாத்தானே வேலை செய்யுது’ என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். ஆனால் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகப் பிடிக்கும் கருவிகூட, ஆறே ஆறு கட்டுரைகளில் ஒருவரையும் தவறாகப் பிடிக்காமல் தப்பிவிட நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆறு கட்டுரையை வைத்துக் கருவியைக் குறை சொல்லவும் முடியாது, நற்சான்று கொடுக்கவும் முடியாது. இந்தச் சோதனையின் பயன் வேறு: திரையில் வரும் எண் எவ்வளவு லேசாக ஆடுகிறது என்பதை ஆசிரியர் தன் கண்ணால் பார்ப்பது.

ஏன் ஆடுகிறது? இந்த வகைக் கருவிகளுக்குக் கட்டுரையை எழுதியவர் யார் என்று தெரியாது. அவை பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்: அடுத்த வார்த்தையை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது? வாக்கியங்களின் நீளமும் போக்கும் ஒரே சீராக இருக்கின்றனவா? ‘மரங்கள் நமக்கு நிழலும்...’ என்று தொடங்கினால் அடுத்து ‘கனியும்’ வரும் என்று நமக்கே தெரியும். மொழி மாதிரிகளும் ஏறத்தாழ இப்படித்தான், வரக்கூடிய வார்த்தையைக் கணித்துக் கணித்து எழுதுகின்றன. அதனால் எளிதில் ஊகிக்கக்கூடிய எழுத்து என்றால் இயந்திர எழுத்தாக இருக்கலாம் என்று கருவி முடிவு கட்டுகிறது.

நம் பள்ளிகளுக்கு இடி இங்கேதான் விழுகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வரிசை சொல்லித் தந்தது நாம். ஆங்கிலக் கட்டுரையை இந்த வரியில் தொடங்கு, அந்த வரியில் முடி என்று மனப்பாடம் செய்ய வைத்ததும் நாம்தான். இரண்டாம் மொழியில் எழுதும் பிள்ளை பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் தெரிந்த வார்த்தையையும் தெரிந்த வாக்கிய அமைப்பையும் விட்டு நகராது. ஊகிக்க எளிதான எழுத்துக்கு நாமே மதிப்பெண் போட்டு வளர்த்துவிட்டு, அதையே இயந்திரத்தின் அடையாளம் என்று சந்தேகிப்பது என்ன நியாயம்?

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைப் போட்டபோது, சராசரியாக அறுபது சதவீதத்துக்கு மேல் ‘ஏஐ எழுதியது’ என்று வந்தது. 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு கருவியாவது தவறாகப் பிடித்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ இதே கருவிகள் அதிகம் தவறவில்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. அந்த டோஃபல் கட்டுரைகளின் சொற்களைக் கொஞ்சம் மெருகேற்றச் சொல்லி சாட்ஜிபிடியிடமே கொடுத்து வாங்கியபோது தவறான குற்றச்சாட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. அதாவது சொந்தமாக எழுதியவர் மாட்டிக்கொண்டார். இயந்திரத்தின் உதவியைப் பெற்றதும் தப்பித்தார்.

‘ஒரு கருவி தப்பு பண்ணலாம், மூணு கருவியும் ஒண்ணையே சொன்னா?’ என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதே ஆய்வில் 18 கட்டுரைகளை ஏழு கருவிகளும் ஒரே குரலில் தவறாகப் பிடித்தன. எல்லாம் ஒரே மாதிரியான தடயத்தைப் பார்ப்பதால் தவறுவதும் சேர்ந்தே தவறுகின்றன. மூன்று கருவிகள் சொன்னால் மூன்று சாட்சிகள் என்று கணக்கில்லை.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. அது ஏஐ எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தது. இதை நிறுவனமே சொன்னது. ஆங்கிலம் தவிர்த்த மொழிகளில் இன்னும் மோசம் என்றும் எச்சரித்தது. அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் குறைவு என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் பிறகு வந்த கருவிகள் தேறியிருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எவ்வளவு தேறினாலும் ஒரு கணக்கு இடிக்கும்.

நானூறு புளியங்கொட்டை

அந்தக் கணக்குக்கு அடுத்த நாற்பது நிமிடம். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, மேசையில் செய்தித்தாளை விரித்து நானூறு புளியங்கொட்டைகளைக் கொட்டுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை நானூறு பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் நாற்பது பேர் முழுக் கட்டுரையையும் ஏஐ கையில் கொடுத்து எழுதி வாங்கியவர்கள். இது நாம் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கைதான். அந்த நாற்பது கொட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள்.

கருவி சுமாரான கருவி: எழுதி வாங்கியவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைப் பிடிக்கும், சொந்தமாக எழுதியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகப் பிடிக்கும். இப்போது கொட்டைகளை நகர்த்துங்கள். கோடு போட்ட நாற்பதில் 32 பிடிபடும். கோடு போடாத 360-ல் 18 பிடிபடும். பிடிபட்ட குவியலில் மொத்தம் 50. அதில் 18 பேர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

‘நூற்றுக்கு ஐந்துதானே தவறுகிறது, அப்படியானால் சிவப்பு விளக்கு எரிந்தால் 95 சதவீதம் உறுதி’ என்று படித்தவர்களும் நினைக்கிறோம். மேசையில் கிடக்கும் குவியல் வேறு கதை சொல்கிறது. சொந்தமாக எழுதுபவர்களின் கூட்டம் பெரியது என்பதால், அதில் சின்னச் சதவீதம்கூட நிறையத் தலைகளாகிவிடும்.

இப்போது இரண்டாம் சுற்று. ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் வந்த அறுபதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலம் வீட்டில் பேசாத பிள்ளைகளிடம் நூற்றுக்கு இருபது பேரைக் கருவி தவறாகப் பிடிக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்வோம். 360-ல் 72. அவற்றை நகர்த்தினால் பிடிபட்ட குவியல் 104; அதில் 72 பேர் நிரபராதிகள். கொட்டைகளைக் கையால் எண்ணி நகர்த்த வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த எண்களை ஸ்லைடில் காட்டினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். எழுபத்திரண்டு கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

மூன்றாவதாக, கோடு போட்டும் குவியலுக்கு வராமல் நின்ற எட்டுக் கொட்டைகளைக் காட்டுங்கள். அவர்கள் எழுதி வாங்கித் தப்பித்தவர்கள். கருவி பச்சை காட்டியதும் நேர்மைக்கான சான்று ஆகாது.

பெரிய நிறுவனங்கள் இதே கணக்கைப் போட்டுத்தான் முடிவெடுத்திருக்கின்றன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2022-ல் டர்னிட்டினுக்கு 75,000 கட்டுரைகளை அனுப்பியிருந்தது. நூற்றுக்கு ஒன்றுதான் தவறும் என்ற நிறுவனத்தின் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஏறத்தாழ 750 பேர் மீது வீண்பழி விழும் என்று சொல்லி, 2023 ஆகஸ்டில் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்திவிட்டது.

சரி, கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆசிரியரின் அனுபவத்தை நம்பலாமா? அதிலும் ஓட்டை உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில், யாருக்கும் சொல்லாமல் ஏஐ எழுதிய விடைத்தாள்களை உண்மையான தேர்வுக்குள் கலந்துவிட்டார்கள். 94 சதவீதம் யாருடைய கண்ணிலும் படவில்லை என்று 2024-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. அன்று மதியம் முதல் சுற்றில் தூக்கிய கைகளும் பலகையில் எண்ணாக இருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

சாட்பாட்டிடமே ‘இதை நீ எழுதினாயா’ என்று கேட்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. 2023 மே மாதம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் அப்படித்தான் செய்தார். அது ‘ஆமாம்’ என்றது. பட்டமளிப்பு நேரத்தில் மாணவர்களின் மதிப்பெண் நிறுத்தி வைக்கப்பட்டு, செய்தி உலகமெல்லாம் போனது. தான் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தோம் என்ற பேரேடு எதையும் சாட்பாட் புரட்டிப் பார்ப்பதில்லை. கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் பதிலைச் சொல்லும், அவ்வளவுதான்.

ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம்

டீயும் சுண்டலும் முடிந்து மூன்று மணிக்கு மேல் நடைமுறை. நாலு நாலு பேராக உட்கார்ந்து, சந்தேகம் வந்தால் பள்ளி என்ன செய்யும் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். ஒரு பக்கம் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்துப் பக்க விதியைப் பிள்ளைகளும் படிக்க மாட்டார்கள், நாமும் படிக்க மாட்டோம்.

அந்தப் பக்கம் சந்தேகத்திலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுப்பாடத்தின் தலையிலும் எது கூடும், எது கூடாது என்று ஒரு வரி இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அன்று மதியம் அதிகம் வாக்குவாதம் நடக்கப் போவது இதில்தான். எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் மென்பொருள் கூடுமா? வாக்கியத்தையே மாற்றித் தரும் இலக்கணத் திருத்தி? தமிழில் எழுதிவிட்டு கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு ஆங்கிலமாக்குவது?

கடைசிக் கேள்வியில் அறையே இரண்டாகப் பிரியும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ, அதைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். ஆங்கிலப் பாடத்தில் வாக்கியம் அமைக்கும் திறனுக்கு மதிப்பெண் என்றால் மொழிபெயர்ப்புக் கருவி கூடாது. சமூக அறிவியல் திட்டப்பணியில் கண்மாயைப் பற்றிய தகவலுக்கும் சிந்தனைக்கும் மதிப்பெண் என்றால், சிந்தனை பிள்ளையுடையதாக இருக்கும்வரை ஆங்கிலத்துக்குக் கருவியிடம் உதவி கேட்பதை நான் குற்றமாகப் பார்க்க மாட்டேன். உங்கள் பள்ளி வேறு மாதிரி முடிவெடுக்கலாம். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது மட்டும் முக்கியம். சொல்லாத விதியை மீறியதாக யாரையும் தண்டிக்க முடியாது.

அடுத்து, எது சான்று? கருவியின் எண் சான்று அல்ல என்று அந்தப் பக்கத்தில் வெளிப்படையாகவே எழுதிவிடலாம். 87% என்பது அந்தப் பிள்ளை ஏமாற்றியிருக்க 87 பங்கு வாய்ப்பு என்று பொருள்படாது. சில கருவிகளில் அது கட்டுரையில் எத்தனை பங்கு ஏஐ போலத் தெரிகிறது என்பதைக் குறிக்கும். சிலவற்றில் கருவி தன் ஊகத்தை எவ்வளவு நம்புகிறது என்பதைக் குறிக்கும். நம் கண்மாய்க் கட்டுரையில் ஆசிரியர் பார்க்க வேண்டியவை வேறு. கட்டுரையில் சொன்ன கண்மாய் அந்த ஊரில் இருக்கிறதா? மேற்கோள் காட்டிய புத்தகம் உலகத்தில் இருக்கிறதா? இல்லாத புத்தகத்தை இருப்பதாக எழுதுவது சாட்பாட்டின் பழைய பழக்கம். கரட்டுப் பிரதி இருக்கிறதா?

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் எழுதிய வரலாறு அதிலேயே பதிந்திருக்கும். File > Version history > See version history என்று போனால் எந்த நேரத்தில் எந்தப் பத்தி வந்தது என்று தெரியும். பார்ப்பதற்கு மட்டும் அனுமதி பெற்றவருக்கு இது திறக்காது. திருத்தும் அனுமதி வேண்டும். ஆகவே மாணவியையே பக்கத்தில் உட்காரவைத்து அவளே திறந்து காட்டச் சொல்வது நல்லது. இதற்கும் எல்லை உண்டு. ஒரே நொடியில் முழுக் கட்டுரையும் ஒட்டப்பட்டிருந்தால், நோட்டில் எழுதி வேறு இடத்தில் தட்டச்சு செய்ததாகவும் இருக்கலாம். மெதுவாக வளர்ந்திருந்தால், போனைப் பார்த்துப் பார்த்துத் தட்டியதாகவும் இருக்கலாம். போனே இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் இந்த வரலாற்றைக் கேட்கவும் முடியாது. வகுப்பில் எழுதியதோடு ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. நாற்பது நிமிடத்தில் பதற்றத்தோடு எழுதியதும் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து எழுதியதும் ஒன்றுபோல் இருக்காது.

பிறகு வரிசை. சந்தேகம் வந்த ஆசிரியர் முதலில் மாணவியிடம் தனியாகப் பேசுகிறார். அதற்கு முன் வகுப்பிலோ ஸ்டாஃப் ரூமிலோ பெயர் வெளிவரக் கூடாது. பேசிய பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால், பெயர் மறைத்த கட்டுரையையும் கிடைத்த சான்றுகளையும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்காத இன்னோர் ஆசிரியர் பார்க்கிறார். கருவி சொன்ன எண்ணை அவரிடம் சொல்லக் கூடாது; சொன்னால் அவர் கண்ணும் அதையே தேடும். முடிவு எதுவானாலும் இரண்டு வரியில் காரணம் எழுதிக் கொடுக்கப்படும். பெற்றோரோடு வந்து தலைமையாசிரியரிடம் முறையிட ஒரு வாரம். அதுவரை மதிப்பெண்ணை நிறுத்தி வைப்பது கிடையாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதை இந்த இடத்தில் ஒருமுறை நினைவூட்டலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையை வகுப்பு நடுவில் நிறுத்தி ‘திருடி’ என்பது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது.

மூடிய சீட்டு

கடைசி முக்கால் மணி நேரம்தான் இந்த மதியத்தின் உயிர். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவி, ஒருவர் பார்வையாளர். மாணவியாக நடிப்பவருக்கு மடித்த சீட்டு ஒன்று. அதில் மூன்றில் ஒன்று இருக்கும்: நீயே எழுதினாய், தமிழில் எழுதி மொழிபெயர்த்தாய், முழுவதையும் எழுதி வாங்கினாய். சீட்டைப் பேச்சு முடியும்வரை காட்டக் கூடாது.

முதல் சுற்றில் எப்படித் தோன்றுகிறதோ அப்படிப் பேச விடுங்கள். பெரும்பாலும் ‘உண்மையைச் சொல்லு, இதை நீதான் எழுதினியா?’ என்றுதான் ஆரம்பிக்கும். இந்தக் கேள்வியில் கோளாறு என்னவென்றால், எழுதிய பிள்ளையும் ‘ஆமாம்’ என்பாள், எழுதாத பிள்ளையும் ‘ஆமாம்’ என்பாள். ஆசிரியருக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. அழுகையும் தலைகுனிவும் எதற்கும் சான்றல்ல; நம் பிள்ளைகள் பெரியவர் முன் நிமிர்ந்து பார்த்துப் பேசுவதை நாமே மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். பயந்த பிள்ளை செய்யாததையும் ஒப்புக்கொண்டு ஓடிவிடும். ‘நீ ஒத்துக்கிட்டா விட்டுடறேன்’ என்று பேரம் பேசுவது அந்தப் பயத்துக்கு விலை வைப்பது. கருவி உறுதியாகச் சொல்லிவிட்டதாகக் காட்டி மிரட்டுவது பொய்யே. நேர்மையைப் பற்றிய பேச்சை அதிலிருந்து ஆரம்பிக்க முடியாது.

இரண்டாம் சுற்றில் கட்டுரையைப் பற்றி மட்டும் பேச வேண்டும். கண்மாய்க் கட்டுரையை வைத்து அது இப்படிப் போகலாம்.

“உக்காரும்மா. உன் கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். எப்படி எழுதினேன்னு தெரிஞ்சுக்கணும்னுதான் கூப்பிட்டேன். திட்டறதுக்கு இல்ல.”

“சரிங்க மிஸ்.”

“இதுல மடை பத்தி ஒரு பத்தி இருக்கே. எனக்கு அது சரியாப் புரியல. தமிழ்லயே சொல்லேன்.”

“கண்மாய்க் கரையில கல்லுல கட்டியிருக்கும் மிஸ். அடைப்பைத் தூக்கினா வயலுக்குத் தண்ணி போகும். எங்க தாத்தாதான் முன்னாடி திறந்து விடுவாரு. இப்ப மண்ணு மூடிக் கெடக்கு.”

“மண்ணு மூடினதைக் கட்டுரைல எழுதலையே?”

“எழுதினேன் மிஸ்... தமிழ்ல எழுதினப்ப இருந்துச்சு. இங்கிலீஷ்ல மாத்தறப்ப நீளமா இருக்குன்னு எடுத்துட்டேன்.”

“மாத்தினது எப்படி?”

“அண்ணன் போன்ல... டிரான்ஸ்லேட்ல போட்டு. தப்பா மிஸ்?”

‘இதை நீதான் எழுதினியா’ என்று கேட்டிருந்தால் இந்தக் கடைசி வரி வெளியே வந்திருக்காது. மடையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கட்டுரையில் இருப்பதைவிட அதிகம். எழுதி வாங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, கட்டுரைக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும்: சொந்தமாக எழுதிய கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் திணறலாம், எழுதி வாங்கிவிட்டு நன்றாக மனப்பாடம் செய்தவனும் கடகடவென்று ஒப்பிக்கலாம். அதனால்தான் ஒரு பேச்சோடு முடிவு கட்டாமல் இரண்டாவது ஆசிரியரை வைத்தோம்.

இந்த மாணவிக்கு என்ன முடிவு? வீட்டுப்பாடத்தின் தலையில் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே குற்றமும் இல்லை. ஆனால் இது ஆங்கிலப் பாடம். அவளுடைய ஆங்கிலத்தைத்தான் ஆசிரியர் மதிப்பிட வேண்டும். அதனால் தமிழ்ப் பிரதியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் இரண்டு பத்தியை வகுப்பிலேயே அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறார். மண் மூடிய மடையும் உள்ளே வர வேண்டும் என்கிறார். அந்த ஆங்கிலம் தடுமாறும். அதற்கு உரிய மதிப்பெண்ணும், எங்கே தடுமாறுகிறாள் என்ற தகவலும் ஆசிரியருக்குக் கிடைக்கும். வீட்டுக்கு அனுப்பிய கட்டுரை அந்தத் தகவலைத் தந்திருக்காது.

பேச்சு முடிந்ததும் பார்வையாளரும் ஆசிரியராக நடித்தவரும் சீட்டில் என்ன இருந்திருக்கும் என்று தனித்தனியாகத் தாளில் எழுத வேண்டும். அதன் பிறகே சீட்டைப் பிரிக்க வேண்டும். எத்தனை குழு சரியாகச் சொன்னது என்பதை, கருவிகளின் எண்கள் இருக்கும் அதே பலகையில், பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கு விளக்கம் தேவைப்படாது.

பள்ளியில் இதை நடத்த நினைக்கும் தலைமையாசிரியர்களுக்கு ஒன்று. திட்டப்பணி மதிப்பெண் போட வேண்டிய வாரத்தில் வைக்காதீர்கள். யாருடைய கட்டுரையையாவது மனதில் வைத்துக்கொண்டு வந்து அந்தப் பிள்ளைக்காகவே விதி எழுதுவார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் வையுங்கள். இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் எழுத்தை இலவச இணையக் கருவிகளில் ஏற்ற வேண்டாம். அது எங்கே சேமிக்கப்படும் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களிடம் அனுமதியும் வாங்கவில்லை.

பெற்றோர்களுக்கு இன்னொன்று. பிள்ளை மேல் சந்தேகம் வந்த பிறகு பள்ளிக்கு ஓடுவதைவிட, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, ‘ஏஐ விஷயத்தில் எது கூடும், எது கூடாது, சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். இருந்தால் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எப்போது எழுதுவீர்கள் என்று தேதி கேளுங்கள்.